சதுரங்கம் மட்டும் ஆடுபவர்கள்: கழித்தல் மூன்று

அக்கா மகள் திறனறித் தேர்வு ஒன்றுக்குத் தயாராகிக்கொண்டிருக்கிறாள். கணக்கில் எங்காவது மாட்டிக்கொண்டால் நோட்டுப் பக்கத்தைப் படமெடுத்து எனக்கு அனுப்பிவிடுவாள். அப்படி வந்த ஒரு பக்கம் என்னை இன்னும் விடவில்லை. பக்கத்தின் மேல் பாதியில் சூத்திரம் போட்டு விடை கண்டுபிடித்திருந்தாள். புத்தகத்தின் பின்பக்க விடையோடு ஒத்துப்பார்த்து டிக்கும் அடித்தாயிற்று. கீழ்ப் பாதியில் ஒன்றையொன்று வெட்டும் மூன்று வட்டங்கள். அதில் ஒரு பகுதிக்குள் −3 என்று எழுதி, அந்த எண்ணைச் சுற்றிப் பேனாவால் அழுத்தி அழுத்திக் கிறுக்கியிருந்தாள். கூடவே ஒரு செய்தி: "மாமா, விடை சரியா வந்துடுச்சு. ஆனா படத்துல எங்கேயோ தப்பு பண்ணியிருக்கேன். எங்கன்னு கண்டுபிடிச்சுச் சொல்லுங்க."

கணக்கு இதுதான். 100 மாணவர்களில் 50 பேர் கால்பந்து ஆடுகிறார்கள், 28 பேர் சதுரங்கம், 46 பேர் இறகுப்பந்து. கால்பந்தும் சதுரங்கமும் ஆடுபவர்கள் 20 பேர். சதுரங்கமும் இறகுப்பந்தும் 17 பேர். கால்பந்தும் இறகுப்பந்தும் 15 பேர். மூன்றும் ஆடுபவர்கள் 6 பேர். எதையும் ஆடாதவர்கள் எத்தனை பேர்?

சூத்திரம் எல்லோருக்கும் மனப்பாடம். தனித்தனி எண்களைக் கூட்டு, இரண்டிரண்டாகச் சேர்ந்தவற்றைக் கழி, மூன்றும் சேர்ந்ததை மறுபடி கூட்டு.

50 + 28 + 46 − 20 − 17 − 15 + 6 = 78

ஏதாவது ஒன்றையாவது ஆடுபவர்கள் 78 பேர், ஆகவே ஆடாதவர்கள் 22 பேர். விடைப் பட்டியலில் 22 இருக்கிறது. பின்பக்கமும் 22 என்கிறது. அடுத்த கணக்குக்குப் போய்விட வேண்டியதுதான், படம் வரையாமல் இருந்திருந்தால்.

## படத்தில் தப்பு இல்லை

படத்தை நானும் போட்டுப் பார்த்தேன். நடுவிலிருந்து தொடங்கினேன், மூன்று வட்டங்களும் சேரும் இடத்தில் 6. கால்பந்தும் சதுரங்கமும் ஆடும் 20 பேரில் அந்த 6 பேரும் அடக்கம் என்பதால், அந்த இரண்டை மட்டும் ஆடுபவர்கள் 14. அதே போல சதுரங்கம்-இறகுப்பந்து மட்டும் 11, கால்பந்து-இறகுப்பந்து மட்டும் 9. இனி ஒவ்வொரு வட்டத்திலும் மிச்சம் இருப்பது. கால்பந்து வட்டத்துக்குள் 14, 9, 6 என்று 29 பேர் ஏற்கெனவே உட்கார்ந்துவிட்டார்கள், 50-இல் மிச்சம் 21. இறகுப்பந்தில் 11, 9, 6 போக 46-இல் மிச்சம் 20. சதுரங்கத்தில் 14, 11, 6 என்று 31 பேர் வந்துவிட்டார்கள். ஆனால் சதுரங்கம் ஆடுபவர்களே மொத்தம் 28 பேர்தான். மிச்சம், கழித்தல் மூன்று.

பெண் போட்ட படம் சரி, கழித்ததும் சரி. அப்படி ஒரு வகுப்பு உலகத்தில் இருக்க முடியாது என்பதுதான் விஷயம். இன்னொரு விளையாட்டோடு சேர்த்துச் சதுரங்கம் ஆடுபவர்களே 31 பேர் என்றால், சதுரங்கம் ஆடுபவர்கள் 28 பேர் என்று எப்படிச் சொல்ல முடியும்? வட்டமே வேண்டாம், இந்த ஒரு வாக்கியம் போதும்.

இதைச் சொன்னதும் அவள் கேட்ட கேள்விதான் என்னை உட்கார வைத்தது. "அப்ப 22 சரியா, தப்பா?" கேள்வியில் பிழை என்று சொல்லி நழுவிவிடலாம். ஆனால் பிழையான கேள்விக்கு ஒரு சுத்தமான விடை வந்திருக்கிறதே, அது எங்கிருந்து வந்தது? அது பாதியாவது உண்மையா? ஏழு எண்களில் ஒன்று ஏதோ அச்சுப்பிழை என்று வைத்துக்கொண்டால், 22 தப்பித்துவிடுமா?

தாளை எடுத்து வேறு வழியில் எண்ணிப் பார்த்தேன். சதுரங்கத்தை முழுசாக மறந்துவிடுவோம். கால்பந்து 50, இறகுப்பந்து 46, இரண்டும் 15. இரண்டில் ஒன்றையாவது ஆடுபவர்கள் 50 + 46 − 15, அதாவது 81 பேர்.

கொஞ்சம் நின்று பார்த்தால் இது விசித்திரமாக இருக்கும். இரண்டு விளையாட்டைக் கணக்கில் எடுத்தால் 81 பேர் ஆடுகிறார்கள். மூன்றாவது விளையாட்டையும் சேர்த்துக்கொண்டால் 78 பேர்தான் ஆடுகிறார்கள். சதுரங்கப் பலகையைக் கொண்டுவந்து வைத்ததும் மூன்று பேர் காணாமல் போய்விட்டார்கள். அந்த மூன்று பேர்தான் படத்தில் −3 ஆக நின்றவர்கள்.

எனக்கு இந்த 81 பிடித்துப்போனதற்குக் காரணம், அது அவள் கேள்விக்கு நேராகப் பதில் சொல்கிறது. கால்பந்தோ இறகுப்பந்தோ ஆடுபவர்களே 81 பேர் என்றால், எதையும் ஆடாதவர்கள் 19 பேருக்கு மேல் இருக்க வழியில்லை. 22 என்பது அதைத் தாண்டுகிறது. இன்னொரு விஷயமும் உண்டு. முரண்பாடு எந்த எண்களுக்குள் என்று பாருங்கள்: 28, 20, 17, 6. இந்த நான்கும் சதுரங்கம் சம்பந்தப்பட்டவை. மற்ற மூன்றான 50, 46, 15 ஆகியவற்றை எப்படி மாற்றினாலும் 31 பேர் 28 பேருக்குள் அடங்கப் போவதில்லை. ஆகவே பிழை அந்த நான்கில்தான் இருந்தாக வேண்டும். மற்ற மூன்றும் சரி என்று கொண்டால், சதுரங்க எண்களில் எதை எப்படித் திருத்தினாலும் 81 அசையாது. விடை 19-க்கு மேல் போகவே போகாது. எந்த எண் பிழை என்று தெரியாமலேயே, அச்சடித்த விடை தப்பு என்று சொல்லிவிடலாம்.

## சூத்திரம் ஏன் முகம் சுளிக்கவில்லை

மூன்று குழு என்றால் வென்படத்தில் எட்டுப் பகுதிகள்: ஏழு உள்ளே, ஒன்று எல்லா வட்டத்துக்கும் வெளியே. கேள்வியில் கொடுக்கும் எண்களும் எட்டு: மொத்தம் ஒன்று, தனிக்குழு மூன்று, ஜோடி மூன்று, மூன்றும் சேர்ந்தது ஒன்று. எட்டுத் தெரியாத எண்களுக்கு எட்டுச் சமன்பாடுகள். கேட்கிறவர் வாய்க்கு வந்த எட்டு முழு எண்களைச் சொன்னாலும் ஒரு விடை கட்டாயம் வரும், அதுவும் முழு எண்ணாகவே வரும். பின்னம் வந்தாலாவது சந்தேகம் தட்டும். அதற்கும் வாய்ப்பில்லை.

சேர்த்தல்-நீக்கல் கொள்கை என்று பெயர் பெற்ற இந்தச் சூத்திரத்துக்குத் தெரிந்ததெல்லாம் கூட்டலும் கழித்தலும். ஒரு பகுதியில் இருப்பவர்கள் மனிதர்கள், அவர்களின் எண்ணிக்கை சுழிக்குக் கீழே போகக்கூடாது என்ற நிபந்தனை அந்தச் சூத்திரத்தில் எங்கும் எழுதப்படவில்லை. அதைத் தனியாகத்தான் சரிபார்க்க வேண்டும். இது புதிய கவலையும் இல்லை. ஜான் வென் 1880-இல் தன் படங்களைப் பற்றி எழுதுவதற்கு முன்பே, 1854-இல் ஜார்ஜ் பூல், புள்ளிவிவர எண்கள் ஒன்றுக்கொன்று முரணில்லாமல் இருக்க என்னென்ன நிபந்தனைகளை நிறைவேற்ற வேண்டும் என்று ஒரு தனி அத்தியாயம் எழுதியிருக்கிறார். படம் வருவதற்கு முன்பே படத்தின் எல்லைகளைப் பற்றி யோசித்திருக்கிறார்கள்.

இந்தக் கேள்வி எப்படி உருவாகியிருக்கும் என்று ஊகிப்பது கஷ்டமில்லை. யாரோ பழைய கணக்கு ஒன்றை எடுத்து, எண்களைக் கொஞ்சம் மாற்றி, சூத்திரத்தில் போட்டு, 22 என்று வந்ததும் திருப்தியாக எழுந்துபோயிருப்பார். கேள்வி தயாரிப்பவர் எதிர்த் திசையில் வர வேண்டும். முதலில் எட்டுப் பகுதிகளுக்கும் சுழியோ அதற்கு மேலோ எண்களைப் போட்டுவிட்டு, அவற்றைக் கூட்டி வட்டங்களின் எண்களையும் ஜோடிகளின் எண்களையும் எடுக்க வேண்டும். அப்படி எடுத்தால் முரண் வரவே முடியாது. சதுரங்கம் மட்டும் என்ற இடத்தில் ஒரு 5 போட்டுத் தொடங்கியிருந்தால் சதுரங்க வட்டம் தானாகவே 36 ஆகியிருக்கும். ஏதும் ஆடாதவர்கள் 14.

## "படம் போட நேரம் எங்கே இருக்கு?"

போட்டித் தேர்வுக்குப் பயிற்சி கொடுக்கும் நண்பர் ஒருவரிடம் இதையெல்லாம் சொன்னேன். அவர் அசரவில்லை. "அதெல்லாம் சரிங்க. பையன் தேர்வு அறைக்குள்ள இருக்கான், ஒரு நிமிஷத்துக்குள்ள விடையைக் கறுப்பாக்கணும். 22-ன்னு குறிச்சா மதிப்பெண். கேள்வி தப்புன்னு யோசிச்சா அதுவும் போச்சு, அடுத்ததும் போச்சு." நியாயம்தான். அந்தக் கேள்விக்கு அவர் சொல்வதுதான் சரி. 22-ஐக் குறித்துவிட்டு நகர வேண்டும். விடைப் பட்டியலில் 22 இருக்கிறது என்றால், கேள்வி போட்டவர் மனதில் ஓடியதும் சூத்திரம்தான்.

ஆனால் அவர் இன்னொன்றும் சொன்னார். படமே தேவையில்லை, ஆட்களின் எண்ணிக்கையைப் படிப்படியாகச் சரிபார்த்தாலே பிழை தெரிந்துவிடும் என்றார். அவர் மாணவர்களுக்குச் சொல்லித்தரும் குறுக்கு வழி உண்மையிலேயே நல்ல வழி. அதை இங்கே சொல்லத்தான் வேண்டும்.

ஒவ்வொரு விளையாட்டின் பெயரையும் சொல்லி, ஆடுபவர்கள் கைதூக்குங்கள் என்கிறோம். கால்பந்துக்கு 50 கை, சதுரங்கத்துக்கு 28, இறகுப்பந்துக்கு 46. மொத்தம் 124 கைகள் மேலே போயின. ஒன்று மட்டும் ஆடுபவர் ஒருமுறை தூக்கினார், இரண்டு ஆடுபவர் இருமுறை, மூன்றும் ஆடுபவர் மும்முறை. கைதூக்கியவர்கள் 78 பேர் என்றால், முதல் கைக்கு 78 போக, உபரியாகத் தூக்கிய கைகள் 46. மூன்றும் ஆடும் 6 பேர் ஆளுக்கு இரண்டு உபரி, அது 12. மிச்சம் 34 உபரிக் கைகள் இரண்டு விளையாட்டு மட்டும் ஆடுபவர்களுடையவை, ஆளுக்கு ஒன்று. ஆக இரண்டு மட்டும் ஆடுபவர்கள் 34, மூன்றும் 6, ஒன்று மட்டும் 78 − 34 − 6 = 38. எந்த ஜோடியில் எத்தனை பேர் என்றே தெரியாமல் இவ்வளவும் வந்துவிட்டது. ஜோடி எண்களைக் கொடுக்காமல், "குறைந்தது இரண்டு ஆடுபவர்கள் இத்தனை பேர்" என்று மட்டும் கொடுக்கும் கேள்விகளை இந்த வழிதான் காப்பாற்றும். மூன்று வட்டங்களைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தால் நடுப் பகுதியைத் தவிர மற்ற ஆறில் எதையும் தனியாக நிரப்ப முடியாது. அந்தக் கேள்விகளில் படம்தான் இடைஞ்சல்.

சரி, இப்போது இந்த எண்களைப் பாருங்கள்: 38, 34, 6. எல்லாம் அழகாக மேல்நோக்கி நிற்கின்றன. கழித்தல் எங்கே போனது? 38 என்பது 21, −3, 20 மூன்றின் கூட்டு. கூட்டும்போது −3 உள்ளே கரைந்துவிட்டது. நண்பரின் சரிபார்ப்பு இந்தக் கேள்விக்கு நல்ல சான்றிதழ் கொடுத்து அனுப்பிவிடும். கூட்டுத்தொகைகளைச் சரிபார்ப்பதும் பகுதிகளைச் சரிபார்ப்பதும் ஒன்றல்ல என்பதை அவரிடம் இந்த 38-ஐ வைத்துத்தான் காட்டினேன். "அட" என்றார். அதற்கு மேல் ஒப்புக்கொள்ளவில்லை, அவர் சுபாவம் அப்படி.

ஒரே தரவை வைத்து நான்கைந்து கேள்வி கேட்கும் தேர்வுகளில் இது வெறும் தத்துவக் கவலை இல்லை. முதல் கேள்வி "ஏதும் ஆடாதவர்கள்", இரண்டாவது "சரியாக இரண்டு ஆடுபவர்கள்" என்று வரும்போது சூத்திரமும் கைக்கணக்கும் ஓடிவிடும். மூன்றாவது கேள்வி "சதுரங்கம் மட்டும் ஆடுபவர்கள்" என்றால் அங்கே முட்டிக்கொள்ளும். முட்டிய பிறகுதான் மாணவர் பின்னால் போய், தான் எங்கோ கழித்ததில் தப்பு என்று தேடத் தொடங்குவார். அக்கா மகள் தேடியதைப் போல. நேரம் போவது அங்கேதான். தரவைப் படித்ததுமே ஒரு சின்னச் சோதனை போதும்: ஒவ்வொரு குழுவுக்கும், அது இடம்பெறும் இரண்டு ஜோடி எண்களைக் கூட்டி, மூன்றும் சேர்ந்ததைக் கழித்துப் பாருங்கள். அது குழுவின் எண்ணைத் தாண்டக்கூடாது. கால்பந்துக்கு 20 + 15 − 6 = 29, 50-க்குள் இருக்கிறது. இறகுப்பந்துக்கு 17 + 15 − 6 = 26, 46-க்குள் இருக்கிறது. சதுரங்கத்துக்கு 31, இல்லை. அதோடு மூன்றும் சேர்ந்த எண் எந்த ஜோடி எண்ணையும் தாண்டக்கூடாது, ஏதாவது ஒன்றையாவது ஆடுபவர்களின் மொத்தச் சேர்ப்பு 100-ஐத் தாண்டக்கூடாது. அவ்வளவுதான், எட்டுப் பகுதிகளும் சோதிக்கப்பட்டுவிட்டன.

## படமும் காப்பாற்றாத இடம்

படத்துக்காக இவ்வளவு வாதாடிவிட்டு, அது கைவிடும் இடத்தையும் சொல்லாமல் விடுவது நேர்மையாக இருக்காது. அதே கணக்கில் சதுரங்கம் 28 என்பது 48-க்கு அச்சுப்பிழை என்று வைத்துக்கொள்வோம். சூத்திரப்படி சேர்ப்பு 98, ஏதும் ஆடாதவர்கள் 2. சதுரங்கம் மட்டும் 17. எல்லாப் பகுதியும் சரி.

இப்போது "கால்பந்தும் சதுரங்கமும் ஆடுபவர்கள் 20" என்பதை ஒருவர் "இந்த இரண்டை மட்டும் ஆடுபவர்கள் 20" என்று படித்துவிட்டார். ஜோடிப் பகுதிகளில் 20, 17, 15 என்று அப்படியே எழுதுகிறார், நடுவில் 6. கால்பந்து மட்டும் 50 − 41 = 9, சதுரங்கம் மட்டும் 48 − 43 = 5, இறகுப்பந்து மட்டும் 46 − 38 = 8. கூட்டினால் 22 + 52 + 6 = 80. ஏதும் ஆடாதவர்கள் 20. எந்தப் பகுதியும் கழித்தலில் போகவில்லை, படம் சாதுவாக உட்கார்ந்திருக்கிறது. ஒரு வாசிப்பில் 2, இன்னொரு வாசிப்பில் 20. விவரமான கேள்வித்தாள் என்றால் விடைப் பட்டியலில் இரண்டுமே இருக்கும்.

"மட்டும்" என்று சொல்லாத வரை ஜோடி எண்ணுக்குள் மூன்றும் ஆடுபவர்களும் அடக்கம் என்பதுதான் பொதுவான வழக்கம், அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டும். எண்களே சில நேரம் காட்டிக்கொடுக்கும். மூன்றும் ஆடுபவர்கள் 6, ஒரு ஜோடி 4 என்று கொடுத்திருந்தால், அந்த 4 கட்டாயம் "மட்டும்" வகைதான். 4 பேருக்குள் 6 பேர் இருக்க முடியாது. ஆனால் பெரும்பாலான கேள்விகளில் எண்கள் வாயைத் திறக்காது. வாக்கியத்தைத்தான் திரும்பப் படிக்க வேண்டும். கேள்வி போடுபவர் ஒரு சொல் அதிகமாக எழுதிவிட்டால் இந்தத் தலைவலியே இல்லை. ஏனோ அந்தச் சொல்லை மட்டும் சேமிக்கிறார்கள்.

## சுழிக்குக் கீழே போகாது என்பதே விடையாகும்போது

பழைய கணக்குக்கே திரும்புகிறேன், வேறொரு ஆசையில். பிழை அந்த 6-இல்தான், மற்றதெல்லாம் சரி என்று வைத்துக்கொண்டால், 6-க்குப் பதில் என்ன இருந்திருக்கலாம்? சதுரங்கம் ஆடும் 28 பேருக்குள் 20 பேரும் 17 பேரும் நுழைய வேண்டும். 20 + 17 = 37. 28 இடத்துக்கு 37 பேர் வந்தால், குறைந்தது 9 பேராவது இரண்டு கூட்டத்திலும் இருப்பவர்கள். ஆகவே மூன்றும் ஆடுபவர்கள் குறைந்தது 9. மேல் எல்லை, மூன்று ஜோடிகளில் மிகச் சிறியதான 15. மற்ற நிபந்தனைகள் இதைவிட இறுக்கவில்லை. ஆக 9-லிருந்து 15 வரை எதுவும் இருக்கலாம். அதற்கேற்ப ஏதும் ஆடாதவர்கள் 19-லிருந்து 13 வரை. முன்பு வேறு வழியில் பார்த்த அதே 19 இங்கேயும் வந்து நிற்கிறது.

இந்த யோசனை புதிதாகத் தெரியலாம், ஆனால் திறனறித் தேர்வில் "குறைந்தபட்சம் எத்தனை பேர்" என்று வரும் கேள்விகள் முழுக்க இதுதான். 100 பேரில் 70 பேர் முதல் தாளில் தேர்ச்சி, 75 பேர் இரண்டாவதில், 80 பேர் மூன்றாவதில். மூன்றிலும் தேர்ச்சி பெற்றவர்கள் குறைந்தபட்சம் எத்தனை பேர்? ஜோடி எண் எதுவும் கிடையாது. சூத்திரத்தில் போட ஒன்றுமில்லை. இருப்பதெல்லாம், எந்தப் பகுதியும் சுழிக்குக் கீழே போகாது என்ற அந்த எழுதப்படாத நிபந்தனை மட்டும்தான்.

கைக்கணக்கிலேயே போகலாம். மொத்தம் 70 + 75 + 80 = 225 கைகள். மூன்று கை தூக்குபவர்களை முடிந்த அளவு குறைக்க வேண்டும் என்றால், ஒவ்வொருவருக்கும் இரண்டு கை கொடுத்துவிடுவோம். 100 பேருக்கு 200 கைகள் தீர்ந்தன. இன்னும் 25 மிச்சம். அவை 25 பேருக்கு மூன்றாவது கையாகப் போய்த்தான் ஆக வேண்டும். விடை 25. தோற்றவர்கள் பக்கமிருந்தும் பார்க்கலாம்: 30, 25, 20 பேர் ஒவ்வொரு தாளில் தோற்றிருக்கிறார்கள். இவர்கள் எல்லோரும் வெவ்வேறு ஆட்களாக இருந்தால் 75 பேர், அதற்கு மேல் போகாது. மிச்சம் 25 பேர் எதிலும் தோற்கவில்லை. இரண்டாவது வழி எனக்குக் கொஞ்சம் அதிகம் பிடிக்கும், ஏனென்றால் அந்த 25 உண்மையிலேயே நடக்கக்கூடியது என்பதும் அதிலேயே தெரிந்துவிடுகிறது. தோற்றவர்களைத் தனித்தனி ஆட்களாக உட்கார வைத்தால் வகுப்பு தயார்.

இதில் மாணவர்கள் வழுக்குவது, "10 பேர் எதிலுமே தேர்ச்சி பெறவில்லை" என்று ஒரு வரி கூடுதலாக வரும்போது. பழக்கதோஷத்தில் 200-ஐயே கழிப்பார்கள். ஆனால் இப்போது கை தூக்குபவர்கள் 90 பேர்தான். ஆளுக்கு இரண்டு என்றால் 180 கைகள்தான் தீரும். 225 − 180 = 45. எதிலும் தேறாதவர்கள் கூடினால் மூன்றிலும் தேறியவர்களின் குறைந்தபட்சமும் கூடும். முதலில் கேட்க முரணாக இருக்கும். அதே 225 தேர்ச்சிகளைக் குறைந்த ஆட்கள் சுமக்க வேண்டியிருக்கிறது, அதனால்தான். கழித்து வருவது சுழிக்குக் கீழே போனால், குறைந்தபட்சம் சுழி என்று பொருள். அங்கேயும் அதே நிபந்தனைதான் வந்து காவல் நிற்கிறது.

## நான்காவது வட்டம்

ஒரு எச்சரிக்கையோடு முடித்துக்கொள்கிறேன். நான்கு குழுக்கள் வரும் கேள்விகள் அபூர்வம், ஆனால் வரும். மூன்று வட்டம் பழகிய கை தானாகவே நான்காவது வட்டத்தைச் சேர்த்து, பூவிதழ் மாதிரி நான்கையும் வரைந்துவிடும். பார்க்க நன்றாகத்தான் இருக்கும். நான்கு குழுக்களுக்கு 16 பகுதிகள் வேண்டும். நான்கு வட்டங்களை எப்படி வரைந்தாலும் அதிகபட்சம் 14 பகுதிகள்தான் கிடைக்கும். பூவிதழ்ப் படத்தில் எதிரெதிரே இருக்கும் இரண்டு குழுக்களில் மட்டும் இருப்பவர்களுக்கு இடமே இல்லை. அந்த இரண்டு பகுதிகளில் ஆட்கள் இருந்துவிட்டால், அவர்களை எங்கே எழுதுவது என்று தெரியாமல் பக்கத்துப் பகுதியில் எழுதிவிட்டு, கணக்கு ஏன் இடிக்கிறது என்று முழிப்போம். வென் இதைக் கவனித்திருந்தார், நான்குக்கு அவர் வட்டத்தை விட்டுவிட்டு நீள்வட்டங்களுக்குப் போனார். நீள்வட்டங்களை வெட்ட வேண்டிய இடங்களிலெல்லாம் வெட்டும்படி அவசரத்தில் வரைய எனக்கு வராது. நான் கட்டம் போட்டுவிடுவேன்: முதல் இரண்டு குழுக்களின் நான்கு சேர்க்கைகள் வரிசைகளாக, அடுத்த இரண்டின் நான்கு சேர்க்கைகள் பத்திகளாக, பதினாறு கட்டங்கள். அழகில்லை, ஆனால் யாரும் தொலைந்துபோவதில்லை. ஐந்து குழுக்கள் வந்தால் அந்தக் கேள்வியைக் கடைசிக்குத் தள்ளிவிடச் சொல்லியிருக்கிறேன். இதை மட்டும் நண்பரும் உடனே ஒப்புக்கொண்டார்.